முதல் செய்திக்கு முதல் பதில்: ஜே.டி. கேட்டு வாங்குங்கள்

லிங்க்ட்இன்னிலோ மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ரெக்ரூட்டரிடமிருந்து வரும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். முன்னணி பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் ஜாவா டெவலப்பர் வேலை, அவசரம், ஆர்வம் இருந்தால் ரெஸ்யூமேயுடன் கீழ்க்கண்ட விவரங்களை அனுப்பவும் என்று தொடங்கும். அடியில் ஒரு பட்டியல்: மொத்த அனுபவம், தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட், இருக்கும் ஊர், போக விரும்பும் ஊர், பிறந்த தேதி, பான் எண். உங்களைப் பற்றி எட்டு விவரங்கள் கேட்கிறார்கள். வேலையைப் பற்றிச் சொன்னது ‘ஜாவா டெவலப்பர்’ என்ற இரண்டு சொல் மட்டும்.

இந்தச் செய்திக்கு உடனே பட்டியலை நிரப்பி அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம், பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே நஷ்டம்தான். நான் சொல்வது நான்கு வரிப் பதில் ஒன்று. அதில் முழு ஜே.டி.யைக் கேட்க வேண்டும். அது கைக்கு வந்து படித்த பிறகுதான் போனில் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அதுவரை ரெஸ்யூமேயோ சம்பள விவரமோ பான் எண்ணோ கையைவிட்டுப் போகக் கூடாது. இங்கே சொல்வதெல்லாம் சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஐ.டி. வேலைகளையும், நாலைந்து வருடமாவது அனுபவம் உள்ளவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

அனுப்பியவர் எங்கே நிற்கிறார்

முதல் செய்தி அனுப்புகிறவர் மூன்று வகையில் ஒருவராக இருப்பார். ஒன்று, ஆள் எடுக்கும் நிறுவனத்திலேயே சம்பளம் வாங்கும் ரெக்ரூட்டர். இரண்டு, அந்த நிறுவனம் நேரடியாக ஒப்பந்தம் போட்டிருக்கும் கன்சல்டன்சியில் வேலை பார்ப்பவர். மூன்று, அந்தக் கன்சல்டன்சி தன் பளுவைக் குறைக்க வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கும் சின்ன கன்சல்டன்சியைச் சேர்ந்தவர். மூன்றாவது ஆளுக்குக் கீழே நான்காவது ஒருவர் இருப்பதும் உண்டு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வேலையைப் பற்றிய தகவல் கொஞ்சம் உதிர்ந்துவிடுகிறது. கடைசியில் இருப்பவரிடம் பல சமயம் தலைப்பும் வருடக் கணக்கும் ஊர்ப் பெயரும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கன்சல்டன்சிக்கு வருமானம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அவர்களுடைய அவசரம் புரியும். இந்தியாவில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ள கட்டணக் கணக்கு, சேர்ந்தவரின் ஆண்டு சி.டி.சி.யில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 18 லட்சத்துக்கு ஒருவர் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது கூடும், குறையும். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். சேர்ந்தவர் ஒப்புக்கொண்ட சில மாதங்களுக்குள் விலகினால், இன்னொருவரைப் பிடித்துத் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ஒரே காலியிடத்துக்குப் பல கன்சல்டன்சிகள் போட்டியிடும். அதனால் ரெக்ரூட்டருக்கு அவருடைய அலுவலகத்திலேயே ஒரு இலக்கு வைத்திருப்பார்கள்: இன்று இத்தனை ப்ரொஃபைல் போயாக வேண்டும்.

அவர் நௌக்ரியின் ரெஸ்யூமே தேடுதளத்தில் ‘ஜாவா, 5 முதல் 8 வருடம், சென்னை’ என்று தட்டுகிறார். வந்து விழும் பெயர்களுக்கெல்லாம் ஒரே செய்தி போகிறது. உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்து படித்துவிட்டுத்தான் எழுதினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவர் செய்வது தவறு என்று சொல்ல வரவில்லை. அந்த வேலையின் அமைப்பே அப்படி. ஆனால் நூறு பேருக்குப் போன செய்திக்கு உங்கள் முழு விவரத்தையும் பதிலாகக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜே.டி. கேட்டு ஒரு வரி போனால், அதற்கு வரும் பதிலிலேயே அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். நிறுவனத்தின் உள் ரெக்ரூட்டரோ நேரடிக் கன்சல்டன்சியோ என்றால், ஜே.டி. அவரிடம் கோப்பாகவே இருக்கும். பத்து நிமிடத்தில் வரும். மேலே ஒருவரைக் கேட்டு வாங்கித்தான் தர வேண்டும் என்றால் ஒரு நாள் ஆகும், அல்லது வரவே வராது.

ரெஸ்யூமே போன பிறகு என்ன நடக்கிறது

ஜே.டி. வருவதற்கு முன் ரெஸ்யூமேயைக் கொடுக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வேலை தேடுகிறவர்களில் பலருக்கு இது தெரியாததால் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் வரும் ரெஸ்யூமேக்களை ஒரு மென்பொருளில் ஏற்றுகின்றன. ஒரு கன்சல்டன்சி உங்கள் ப்ரொஃபைலை அதில் பதிந்ததும், அந்த ப்ரொஃபைல் அவர்கள் பெயரில் குறிப்பிட்ட காலத்துக்குப் பூட்டப்படும். ஆறு மாதம் என்பது பல இடங்களில் காணும் வழக்கம்; ஒரு வருடம் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தக் காலத்துக்குள் வேறொரு கன்சல்டன்சி உங்களை அனுப்பினால் ‘டூப்ளிகேட்’ என்று தள்ளிவிடும். நீங்களே நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்தாலும், உள்ளே வேலை செய்யும் நண்பர் உங்களைப் பரிந்துரைத்தாலும் பழைய பதிவு குறுக்கே நிற்கலாம். நண்பருக்கு வர வேண்டிய ரெஃபரல் போனஸும் போய்விடும். இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே ஆளை அனுப்பினால், யாருக்குக் கட்டணம் கொடுப்பது என்ற தகராறு வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன.

இந்த டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கத்தான் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் பயன்படுகின்றன. சில நிறுவனங்கள் பிறந்த தேதியையும் பான் எண்ணையும் கேட்பதும் இதற்காகத்தான். எனவே பான் கேட்டவுடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அந்த எண் தேவைப்படுவது உங்களைப் பதிவு செய்யும் நேரத்தில். அதற்கு முன் எந்த நிறுவனம், எந்த வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் சம்மதமும் சொல்லியிருக்க வேண்டும். முதல் செய்தியிலேயே கேட்டால், ‘க்ளையன்ட் பெயர் தெரிந்து நான் சம்மதம் சொன்ன பிறகு தருகிறேன்’ என்ற ஒரு வரி போதும். ஆதார் எண்ணுக்கு இந்தக் கட்டத்தில் எந்த வேலையும் இல்லை.

பெயர் தெரியாத க்ளையன்டுக்கு ரெஸ்யூமேயை அனுப்பினால், எந்த நிறுவனத்தின் கதவு ஆறு மாதத்துக்கு யார் கையில் போனது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். பிறகு நல்ல இடத்திலிருந்து அதே வேலைக்குக் கூப்பிடும்போது ‘நீங்கள் ஏற்கெனவே எங்கள் சிஸ்டத்தில் இருக்கிறீர்கள்’ என்று சொல்வார்கள். அப்போது விசாரித்துப் பயனில்லை.

பதிலில் என்ன இருக்க வேண்டும்

பதில் சின்னதாக இருக்க வேண்டும். ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல காலியிடங்களைக் கையில் வைத்திருப்பார். பதினைந்து கேள்விகளை எண் போட்டு அனுப்பினால், பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகுமே என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார். உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் வெறுமனே ‘ஜே.டி. அனுப்பவும்’ என்று எழுதினாலும் அதே கதிதான். அவர் மெனக்கெடுவதற்கு ஒரு காரணம் கொடுங்கள். அனுபவம், முக்கியமான திறன், நோட்டீஸ் பீரியட் ஆகிய மூன்றையும் நீங்களாகவே சொல்லிவிடலாம். இவற்றைச் சொல்வதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. நோட்டீஸ் பீரியட் ஒத்துவராவிட்டால் பேச்சே வேண்டாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உங்களுக்கு 90 நாள், அவர்களுக்கு 15 நாளில் ஆள் வேண்டும் என்றால் இருவர் நேரமும் மிச்சம்.

மடல் ஆங்கிலத்தில் போகும். உள்ளடக்கமும் வரிசையும் இப்படி இருக்கட்டும்:

> வணக்கம். தொடர்புகொண்டதற்கு நன்றி. ஜாவா, ஸ்ப்ரிங் பூட்டில் 6 வருட அனுபவம், சென்னையில் இருக்கிறேன், நோட்டீஸ் பீரியட் 60 நாள்.
> க்ளையன்ட் தந்த முழு ஜே.டி.யை அனுப்ப முடியுமா? வேலை எந்த ஊரில், வாரம் எத்தனை நாள் அலுவலகம், யாருடைய பேரோல், பட்ஜெட் எவ்வளவு என்பதும் தெரிந்தால் நல்லது.
> படித்துவிட்டு நாளை மாலைக்குள் பதில் சொல்கிறேன். பொருந்தினால் பேச நேரம் குறித்துக்கொள்ளலாம். அதுவரை என் ப்ரொஃபைலை எங்கும் அனுப்ப வேண்டாம்.

இதில் ‘க்ளையன்ட் தந்த முழு ஜே.டி.’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். வெறும் ஜே.டி. என்று கேட்டால், முதல் செய்தியில் இருந்த மூன்று வரியையே திரும்ப அனுப்புவார்கள். ‘நாளை மாலைக்குள்’ என்ற கெடுவும் முக்கியம். ஜே.டி. கேட்பவர்களில் பலர் வாங்கிக்கொண்டு காணாமல் போவதால் ரெக்ரூட்டர்களுக்கு அந்தக் கேள்வி மேலேயே சலிப்பு உண்டு. எப்போது பதில் சொல்வேன் என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்தச் சலிப்பு குறையும். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். கடைசி வரியைச் சிலர் கடுமையாக நினைக்கலாம். எனக்கு அது தேவையான வரி. உங்கள் ரெஸ்யூமே நௌக்ரியில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அனுப்பாவிட்டாலும் அவர் அதைத் தரவிறக்கிப் பதிந்துவிட முடியும். எழுத்தில் மறுத்திருந்தால், பின்னால் தகராறு வரும்போது நிறுவனத்தின் ஹெச்.ஆரிடம் காட்ட உங்கள் கையில் ஒன்று இருக்கும்.

செய்தி வந்த அன்றே பதில் போய்விடுவது நல்லது. நிறுவனங்கள் ஒரு காலியிடத்துக்குப் போதுமான ப்ரொஃபைல்கள் வந்ததும் வாங்குவதை நிறுத்திவிடுவதால், ‘அவசரம்’ என்று அவர்கள் எழுதுவதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. மூன்று நாள் கழித்து ஜே.டி. கேட்டால் அந்த இடமே மூடியிருக்கலாம். வேலை மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும் ‘இப்போது வேண்டாம்’ என்று ஒரு சொல் அனுப்பலாம். லிங்க்ட்இன்னில் ரெக்ரூட்டர்கள் காசு கொடுத்து அனுப்பும் இன்மெயிலுக்கு 90 நாளுக்குள் எந்தப் பதில் வந்தாலும், அது மறுப்பாகவே இருந்தாலும், அவர்களுக்கு அந்த கிரெடிட் திரும்பக் கிடைக்கிறது. உங்கள் ஒரு சொல் அவருக்கு இன்னொருவரைத் தொடர்புகொள்ளும் வாய்ப்பாகிறது.

எழுதிக் கேட்டால் போன் வரும்

ஜே.டி. கேட்டு எழுதினால் பாதி நேரம் ஜே.டி.க்குப் பதிலாக போன்தான் வரும். போனில் பேசினால் ஆளைச் சம்மதிக்க வைப்பது எளிது என்பது அவர்களுக்குத் தெரியும். பேச்சு இந்த மாதிரிப் போகும்:

“மேம், மெசேஜ் பாத்தேன். அஞ்சே நிமிஷம், ரோல் பத்தி நானே சொல்லிடறேன்.”

“சார், இப்ப ஆபீஸ்ல இருக்கேன். ஜே.டி. மெயில்ல அனுப்பிடுங்க, சாயங்காலம் படிச்சிட்டு நானே கூப்பிடறேன்.”

“ஜே.டி. ஸ்டாண்டர்ட் ஜாவா ஜே.டி.தான் மேம். ரெஸ்யூமே மட்டும் இப்ப அனுப்பிட்டீங்கன்னா இன்னிக்கே க்ளையன்டுக்குப் போட்டுடுவேன். நாளைக்கு க்ளோஸ் பண்ணிடுவாங்க.”

“பரவால்ல சார். ஜே.டி. பாக்காம நான் எங்கயும் ப்ரொஃபைல் அனுப்பறதில்ல. இப்பவே அனுப்பினீங்கன்னா ஏழு மணிக்குள்ள சொல்லிடறேன்.”

“க்ளையன்ட் பேர் இப்ப சொல்ல முடியாது மேம், பாலிசி.”

“பேரை எடுத்துட்டு அனுப்புங்க சார். பொருந்துச்சுன்னா, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பேர் சொன்னா போதும்.”

கடைசிப் பதிலைக் கவனியுங்கள். பெயரை மறைப்பதற்குக் கன்சல்டன்சிக்கு நியாயமான காரணம் உண்டு. பெயர் தெரிந்ததும் நேரடியாக விண்ணப்பித்துவிட்டால் அவர்கள் உழைப்புக்குக் கூலி இல்லை. அதனால் பெயர் இல்லாத ஜே.டி.யை முதலில் ஏற்றுக்கொள்ளலாம். பெயர் தெரியாமல் ரெஸ்யூமேயைப் பதிவு செய்யச் சம்மதிப்பதுதான் கூடாது. இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துச் சொன்னால் பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் இறங்கி வருவார்கள்.

பெயர் நீக்கிய ஜே.டி.யில் உள்ள ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினால், பல நேரம் அந்த நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கமே வந்து நிற்கும். நிறுவனம் எது, அங்கே ஏற்கெனவே நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று சரிபார்க்க இதைச் செய்யலாம். ஆனால் அந்த வேலை இருப்பதையே அவர் சொல்லித்தான் அறிந்தீர்கள் என்றால், அவரைச் சுற்றிக்கொண்டு நேராக விண்ணப்பிப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே அங்கே விண்ணப்பித்திருந்தால் அதை உடனே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வந்த ஜே.டி.யை எப்படிப் படிப்பது

பெருங்குடியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜாவா, ஸ்ப்ரிங் பூட்டில் 6 வருடம். சி.டி.சி. 14 லட்சம். பள்ளி செல்லும் குழந்தை இருப்பதால் ஊர் மாற முடியாது. அவருக்கு வந்த செய்தி ‘ஜாவா டெவலப்பர், 5 முதல் 8 வருடம், முன்னணி வங்கி க்ளையன்ட்’. மேலே சொன்னபடி பதில் போட்டார். மாலையில் இரண்டு பக்க பி.டி.எஃப். வந்தது.

முதல் பத்தி முழுக்க நிறுவனப் புகழ். அதைத் தாண்டிவிடலாம். பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் பத்து வரி இருந்தது. அங்கே பார்க்க வேண்டியது வினைச்சொற்களை. முதல் வரி, இரவில் ஓடும் பேட்ச் ஜாப்களைக் கண்காணிப்பது. இரண்டாவது, சர்வீஸ்நௌவில் வரும் டிக்கெட்டுகளைக் குறித்த நேரத்துக்குள் முடிப்பது. மூன்றாவது, கோளாறுக்கான மூல காரணத்தைக் கண்டறிந்து அறிக்கை தருவது. ஏழாவது வரியில்தான், தேவைப்பட்டால் ஜாவா கோடில் சிறு திருத்தம் செய்வது என்று வந்தது. பொதுவாக ஜே.டி. எழுதும் மேனேஜர் தன் மனதில் முன்னால் நிற்கும் வேலையைத்தான் முதல் மூன்று வரியில் எழுதுவார். ‘கண்காணிப்பது, தீர்ப்பது, அறிக்கை தருவது’ என்றால் அது ப்ரொடக்‌ஷன் சப்போர்ட். ‘வடிவமைப்பது, எழுதுவது, சோதிப்பது’ என்றால் டெவலப்மென்ட். தலைப்பில் டெவலப்பர் என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்து திறன்கள். கட்டாயம் என்ற பட்டியலில் யூனிக்ஸ், எஸ்.க்யூ.எல்., கன்ட்ரோல்-எம். ஜாவா இருந்தது ‘இருந்தால் நல்லது’ என்ற பட்டியலில். இதைப் பார்த்ததும் ஐயம் தீர்ந்தது. இன்டர்வியூவில் கேள்வி கேட்கப்போவது கட்டாயப் பட்டியலிலிருந்து; சேர்ந்த பிறகு அன்றாடம் கைபடப்போவதும் அதுதான். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்னதாக இரண்டு வரி: சுழற்சி முறை ஷிஃப்ட், வார இறுதி உட்பட, இடம் பெங்களூரு, வாரம் மூன்று நாள் அலுவலகம்.

படிக்க ஆனது ஐந்து நிமிடம். ஜே.டி. கேட்காமல் போயிருந்தால் இதெல்லாம் எப்போது தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். ரெக்ரூட்டரோடு ஒரு போன், ஆன்லைன் டெஸ்ட், சனிக்கிழமை நேர்முகத் தேர்வு, அதற்காக ஒரு நாள் படிப்பு எல்லாம் முடிந்து இரண்டாவது சுற்றில் மேனேஜர் ‘ஷிஃப்டுக்கு ஓகேதானே’ என்று கேட்கும்போதுதான். அதற்குள் ப்ரொஃபைலும் அந்த வங்கியில் பூட்டப்பட்டிருக்கும்.

அவர் அன்றிரவே மறுத்து எழுதினார். இது சப்போர்ட் வேலை, தனக்கு வேண்டியது டெவலப்மென்ட், ஊர் சென்னை மட்டும், ஸ்ப்ரிங் பூட்டும் காஃப்காவும் உள்ள வேலை வந்தால் சொல்லுங்கள் என்று மூன்றே வரி. காரணத்தோடு மறுப்பதில் நிஜமான பலன் இருக்கிறது. ‘ஆர்வமில்லை’ என்று மட்டும் எழுதினால் ரெக்ரூட்டரின் குறிப்பில் நீங்கள் வேலை மாற விரும்பாதவர் ஆகிவிடுவீர்கள். என்ன வேண்டும் என்று எழுதினால் அடுத்த தேடலில் உங்கள் பெயர் அவருக்கு நினைவு வரும்.

இரண்டு வாரம் கழித்து அதே ரெக்ரூட்டர் இன்னொரு ஜே.டி.யோடு வந்தார். இந்த முறை கேட்காமலே ஜே.டி. இணைப்பில் இருந்தது. முதல் மூன்று வரியும் மைக்ரோசர்வீஸ் வடிவமைப்பதும் எழுதுவதும். கட்டாயத் திறன் ஜாவா, ஸ்ப்ரிங் பூட், காஃப்கா. இடம் சோழிங்கநல்லூர், வாரம் மூன்று நாள் அலுவலகம். எல்லாம் பொருந்தியது. ஆனால் ஜே.டி.யில் இல்லாத ஒன்றை அவர் கவனித்தார்: யாருடைய பேரோல் என்று எங்கும் இல்லை. கேட்டதில், முதல் ஆறு மாதம் வெண்டர் பேரோலில் கான்ட்ராக்ட், வேலை பிடித்திருந்தால் பிறகு நிறுவனத்தில் நிரந்தரம் என்றார்கள்.

இந்த இடத்தில் ஜே.டி.யின் எல்லை வந்துவிடுகிறது. வேலையின் உள்ளடக்கத்தை அது சொல்லும். அந்த வேலையை யார் கொடுக்கிறார்கள், எந்த நிபந்தனையில் என்பதைப் பல நேரம் சொல்லாது. குழு எப்படிப்பட்டது, மேனேஜர் யார், முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதும் அதில் வராது. பழைய ஜே.டி.யை வெட்டி ஒட்டிப் புதிதாகப் போடுவதும் சாதாரணம். ஒரே ஆளிடம் பன்னிரண்டு தொழில்நுட்பங்களைக் கட்டாயம் என்று கேட்டிருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆகவே ஜே.டி. பொருந்தியது என்பதற்கு, இனி பேசலாம் என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. இவர் பேச ஒப்புக்கொண்டார். பேசும்போது கேட்டவை மூன்றே: நிரந்தரமாக்கும் நிபந்தனை ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வருமா, கான்ட்ராக்ட் காலத்தில் பி.எஃப்.பும் மருத்துவக் காப்பீடும் உண்டா, நிரந்தரமாகும்போது சம்பளம் மாறுமா. ஜே.டி. கையில் இருந்ததால் ‘ரோல் என்ன’ என்பதில் நேரம் கழியவில்லை. பேச்சு நேராக இதற்கு வந்தது.

பட்ஜெட்டைப் பற்றியும் ஒரு சொல். சம்பள வரம்பை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இந்தியாவில் இல்லை. ஜே.டி.யிலும் அது அபூர்வமாகத்தான் இருக்கும். கேட்டால் ‘உங்க எக்ஸ்பெக்டேஷன் சொல்லுங்க’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஜே.டி.யைப் படித்து வேலை எவ்வளவு கனமானது என்று தெரிந்த பிறகு ஒரு தொகை சொல்வதும், தெரியாமல் சொல்வதும் ஒன்றல்ல. ‘ஜே.டி. பார்த்துவிட்டு என் எதிர்பார்ப்பைச் சொல்கிறேன்’ என்று தள்ளிவைக்க இது நேர்மையான காரணமும்கூட.

எங்கே பிடிவாதம் வேண்டாம், எங்கே விலகிவிட வேண்டும்

சில இடங்களில் ஜே.டி.யே இருக்காது. பத்து இருபது பேர் உள்ள ஸ்டார்ட்அப்பின் நிறுவனரே நேராக எழுதினால், அவர் மனதில்தான் வேலை இருக்கும், காகிதத்தில் இருக்காது. அங்கே ஜே.டி. இல்லாமல் பேசமாட்டேன் என்றால் நஷ்டம் உங்களுக்கு. முதல் ஆறு மாதத்தில் நான் செய்து முடிக்க வேண்டியது என்ன என்று கேட்டு நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே ஜே.டி. இப்போது பதவியில் இருப்பவருக்குத் தெரியாமல் அவருக்கு மாற்று தேடும் உயர்பதவித் தேடல்களிலும் முதலில் போன்தான் வரும்; எழுத்தில் எதையும் தரமாட்டார்கள். அங்கே பேசலாம், ரெஸ்யூமேயை மட்டும் பிறகு தரலாம். நீங்கள் வெகுநாள் ஆசைப்பட்ட நிறுவனத்தின் உள் ரெக்ரூட்டரே, அலுவலக மின்னஞ்சலிலிருந்து எழுதினால், ஜே.டி.யையும் பேசும் நேரத்தையும் ஒரே மடலில் கேட்டுவிடலாம். வேலை போய் வீட்டில் இருப்பவர் கையில் நேரம் உண்டு, காத்திருக்கும் வசதி இல்லை, அவர் ஜே.டி. கேட்டுக்கொண்டே அன்றே பேசிவிடலாம். அவருக்கும் மாறாதது ஒன்றுதான்: பெயர் தெரியாமல் சப்மிட் செய்யச் சம்மதிக்கக் கூடாது.

ஜே.டி. கேட்டதும் தொனி மாறினால் விலகிவிடுங்கள். ‘ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 1,500 கட்டினால் ஜே.டி. வரும்’ என்றாலோ, டெலிகிராம் குழுவில் சேரச் சொன்னாலோ, கூகுள் மேப்பில் ரேட்டிங் போடும் வேலை, தினமும் பணம் என்றாலோ அது வேலையே இல்லை. நிறுவனத்திடம் கட்டணம் வாங்கும் கன்சல்டன்சிக்கு உங்களிடம் காசு கேட்க முகாந்திரம் கிடையாது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் முடக்க முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இவை இரண்டுக்கும் நடுவில், பணமும் கேட்காமல் ஜே.டி.யும் தராமல் இழுப்பவர்கள்தான் அதிகம். ஒருமுறை நினைவூட்டுங்கள்: ‘நேற்று கேட்ட ஜே.டி. இன்னும் வரவில்லை, வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.’ அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. மேலே கேட்டும் அவருக்கே கிடைக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. வேலை நிஜமானால் அதே வேலை இன்னொரு கன்சல்டன்சி வழியாக, ஜே.டி.யோடு, அதே வாரத்தில் வருவது வழக்கம்.

அப்படி இரண்டாவது வழியில் வரும்போது, முதலில் யாருக்காவது சம்மதம் சொன்னோமா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். எக்செல்லில் ஐந்து நெடுவரிசை போதும்: தேதி, ரெக்ரூட்டரும் கன்சல்டன்சியும், க்ளையன்ட், வேலையின் பெயர், சம்மதம் சொன்ன நாள். சம்மதத்தைப் போனில் சொல்லியிருந்தாலும், ‘இந்த நிறுவனத்தில், இந்த வேலைக்கு மட்டும் என் ப்ரொஃபைலை அனுப்பச் சம்மதம்’ என்று ஒரு மடலாக எழுதிவிடுங்கள். ‘மட்டும்’ என்ற சொல் இருந்தால், அதே ரெஸ்யூமேயை உங்களைக் கேட்காமல் வேறு நாலு இடத்துக்கு அனுப்ப அவருக்கு அனுமதி இல்லை. வந்த ஜே.டி.யையும் க்ளையன்ட் பெயரில் சேமித்து வையுங்கள். இன்டர்வியூ முடிவதற்குள் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அது எடுக்கப்பட்டிருக்கலாம். ஆஃபர் லெட்டரில் வரும் பதவிப் பெயரையும் ஷிஃப்ட் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிரதி ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.